காரைக்கால் துறைமுகமும் காலாண்டுக் கணக்கின் சாட்சியமும்

நாகூருக்கு வடக்கே, அரசலாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, வாஞ்சூர்க் கடற்கரையில் 2009 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் காரைக்கால் துறைமுகம், கடன் சுமையினால் திவால் தீர்வு நடவடிக்கைக்கு உட்பட்டு, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு 2023 ஏப்ரல் 1 அன்று அதானி போர்ட்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. விலை 1,485 கோடி ரூபாய். அந்தத் தேதி ஒரு நிதியாண்டின் முதல் நாள். ஒரு காலாண்டின் முதல் நாளும் அதுவே. ஆகவே, ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிய இத்துறைமுகம் ஈட்டிய வருமானம் முழுவதும், அதே ஆண்டு ஆகஸ்டு 8 அன்று பங்குச் சந்தைகளுக்கு அனுப்பப்பட்ட காலாண்டு முடிவுகளில் முதன்முறையாகக் கலந்து நின்றது. அம்முடிவுகளோடு தணிக்கையாளரின் அறிக்கை ஒன்றும் இணைந்திருந்தது. அதைத் தணிக்கை அறிக்கை என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது தணிக்கை அறிக்கை அன்று. ஆடிட்டர் அலுவலகங்களில் ‘லிமிடெட் ரிவ்யூ’ என்று வழங்கும் வரம்புக்குட்பட்ட பரிசீலனையின் அறிக்கை அது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல மறுக்கிறது என்பதை இந்த ஒரு காலாண்டை முன்வைத்தே ஆராய்ந்து பார்க்கலாம்.

செபி 2015 இல் வகுத்த பட்டியலிடல் விதிகளின் 33 ஆம் விதிப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனம் ஒவ்வொன்றும் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும்; ஆண்டுக் கணக்குக்கு 60 நாட்கள் அவகாசம் உண்டு. ஆண்டுக் கணக்கு முழுத் தணிக்கைக்கு உட்பட்டே தீர வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளுக்கோ, தணிக்கையோ பரிசீலனையோ இரண்டில் ஒன்று போதும் என்பதால், பெரும்பாலான நிறுவனங்கள் பரிசீலனையையே மேற்கொள்கின்றன. அப்பரிசீலனையை நடத்தும் முறையை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட ‘எஸ்.ஆர்.ஈ. 2410’ என்னும் தரநிலை வகுக்கிறது. பரிசீலனை செய்பவர் நிறுவனத்தின் ஆண்டுத் தணிக்கையாளரே என்பது இத்தரநிலையின் அஸ்திவாரம். சென்ற ஆண்டுத் தணிக்கையில் அவர் பெற்ற அறிவு அவரிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையின்மீதுதான் இவ்வளவு சுருக்கமான வேலைக்கு அனுமதி தரப்படுகிறது.

அந்த வேலை பிரதானமாக இரண்டு: விசாரிப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது. நிதிப் பொறுப்பாளரையும் கணக்குப் பிரிவினரையும் கேள்வி கேட்பது, நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளைப் படிப்பது, வெளியிடவிருக்கும் தொகைகள் பேரேட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது, இக்காலாண்டின் எண்களை முந்தைய காலாண்டோடும் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடும் வரவுசெலவு மதிப்பீட்டோடும் வைத்துப் பார்ப்பது ஆகியவை அதில் அடங்கும். வங்கிக்கு நேரடியாகக் கடிதம் எழுதி இருப்பை உறுதிசெய்துகொள்வது, பாக்கிதாரர்களிடமிருந்து எழுத்துமூலமான ஒப்புதல் பெறுவது, கிடங்குக்குச் சென்று சரக்கை எண்ணும்போது உடனிருப்பது, பில்களை மாதிரி எடுத்து மூல ஆவணம்வரை பின்தொடர்ந்து செல்வது, உள்கட்டுப்பாடுகள் உண்மையில் செயல்படுகின்றனவா என்று சோதிப்பது ஆகிய இவையெல்லாம் ஆண்டுத் தணிக்கையின் காரியங்கள். பரிசீலனையில் இவை சாதாரணமாக இடம்பெறுவதில்லை. பரிசீலனை என்பது தணிக்கையைச் சிறிதாக்கிய வடிவம் என்று நினைப்பது இதனாலேயே பொருந்தாது. தணிக்கையாளர் கணக்குக்கு வெளியே போய் அத்தாட்சி தேடுகிறார். பரிசீலிப்பவர் கணக்குக்குள் நின்று அதன் ஒழுங்கில் ஏதேனும் பிசகு தெரிகிறதா என்று பார்க்கிறார்.

காரைக்காலைப் போல நிலக்கரியைப் பெரும் சரக்காகக் கொண்ட ஒரு துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் அனைத்தும் விளக்கத்துக்காக நான் வகுத்துக்கொண்டவை. அசல் நிறுவனத்தின் கணக்கல்ல. மார்ச் காலாண்டில் அத்துறைமுகம் 25 லட்சம் டன் சரக்கைக் கையாண்டு 100 கோடி ரூபாய் ஈட்டிற்று, அதாவது டன்னுக்கு 400 ரூபாய். ஜூன் காலாண்டில் இயக்கப் பிரிவின் கணக்குப்படி சரக்கு 27 லட்சம் டன். பழைய விகிதப்படி 108 கோடி வந்திருக்க வேண்டும்; பேரேட்டில் இருப்பதோ 121 கோடி. கூடுதல் 13 கோடி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைப் பரிசீலிப்பவர் எழுப்புகிறார். இதுவே அவர் தொழிலின் உயிர்நாடி. நிதிப் பொறுப்பாளர் பதில் சொல்கிறார்: சரக்கு முற்றத்தில் நிலக்கரி நெடுநாள் தங்கியதால் வாடகையாக 7 கோடி விதித்தோம், கட்டணம் அதிகமுள்ள சரக்கின் பங்கு உயர்ந்ததால் மீதி 6 கோடி வந்தது. முற்றத்தின் இருப்பு அறிக்கையில் சரக்கு தேங்கிக் கிடந்தது தெரிகிறது. சரக்கு வகைப் பட்டியலிலும் மாறுதல் தெரிகிறது. பதில் நம்பத்தக்கதாக இருக்கிறது. பரிசீலிப்பவருக்கு வேறு வழியில் தெரிந்தவற்றோடும் முரண்படவில்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டு மேலே செல்லலாம். பதில் பொருந்தாமலிருந்தால், அல்லது கணக்கு கணிசமாகத் திருத்தப்பட வேண்டியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், மேலும் விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பார்க்கவும் தரநிலை அவரைக் கட்டாயப்படுத்துகிறது; ஐயம் எழாத இடத்தில் கட்டாயமில்லை.

இப்போது அந்த 13 கோடிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஜூன் 30 இரவு 75,000 டன் நிலக்கரியோடு ஒரு கப்பல் தளத்தில் நின்றது. நள்ளிரவுக்குள் 25,000 டன் மட்டுமே இறங்கியிருந்தது. மீதி 50,000 டன் ஜூலை முதல் இரண்டு நாட்களில் இறங்கிற்று. இயக்கப் பிரிவு சரியாக 25,000 டன்னை மட்டுமே ஜூனில் சேர்த்தது. பில் பிரிவோ, கப்பல் வந்த தேதியைக் கொண்டு 75,000 டன்னுக்கும் ஜூன் மாதத்திலேயே 3 கோடிக்குப் பில் போட்டுவிட்டது. ஜூலைக்கு உரிய 2 கோடி இவ்வாறு ஜூனில் விழுந்து, ‘சரக்கின் வகை மாறியது’ என்ற 6 கோடிக்குள் சந்தடியின்றி ஒளிந்துகொண்டது. கப்பலில் மணிவாரியாக நடந்ததைப் பதிந்த குறிப்பேட்டையும், கப்பல் நீரில் அமிழ்ந்த ஆழத்தை அளந்து எடை கணிக்கும் சர்வேயரின் சான்றையும், எடைமேடைச் சீட்டுகளையும் பில்லோடு வைத்துப் பார்த்தால் அரைமணி நேரத்தில் அது வெளிப்பட்டிருக்கும். பரிசீலனையில் யாரும் அதை வைத்துப் பார்ப்பதில்லை.

ஆண்டுத் தணிக்கையில் பிடிபடுமே என்று வாசகர் நினைக்கலாம். அதுதான் இல்லை, பலரும் கவனிக்காத நுட்பம் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுத் தணிக்கையாளர் கணக்குக் காலத்தின் எல்லையைச் சோதிப்பது மார்ச் 31 ஐ ஒட்டிய கப்பல்களுக்கே. ஜூனில் விழுந்தாலும் ஜூலையில் விழுந்தாலும் அந்த 2 கோடி அதே நிதியாண்டுக்குள்தான் இருக்கிறது. ஆண்டின் மொத்தம் கெடவில்லை. ஆகவே ஆண்டுத் தணிக்கைக்கு அது ஒரு பிழையே அன்று. ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி இரவுகள் இப்படி முழுச் சோதனை எதற்கும் உட்படாத எல்லைகளாக நிற்கின்றன. காலாண்டு லாபத்தைக் கொண்டே பங்கின் விலையைத் தீர்மானிக்கும் சந்தைக்கு இது அற்பமான விஷயமல்ல என்பது என் துணிபு.

அந்த 7 கோடி வாடகையின் கதை வேறு விதமாகப் போகிறது. சரக்கு இறக்குமதி செய்தவர், தாமதத்துக்குக் காரணம் ரயில் வண்டிகளைத் தராத துறைமுகமே என்று வாதிட்டு, வாடகையைத் தர மறுத்து ஜூலையிலேயே கடிதம் எழுதியிருக்கிறார். அது வணிகப் பிரிவின் கோப்பில் கிடக்கிறது. ஜூன், செப்டம்பர், டிசம்பர் பரிசீலனைகளில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஏப்ரலில் ஆண்டுத் தணிக்கை தொடங்கி, பாக்கிதாரர்களிடம் ஒப்புதல் கேட்டு நேரடியாகக் கடிதம் போகும்போது, ‘இத்தொகை எங்களால் ஏற்கப்படவில்லை’ என்ற பதில் தணிக்கையாளரின் மேசைக்கே வந்து சேருகிறது. 7 கோடி நீக்கப்படுகிறது.

எந்தக் காலாண்டிலிருந்து நீக்கப்படுகிறது? மார்ச் காலாண்டுக்கென்று தனிக் கணக்கு தணிக்கை செய்யப்படுவதில்லை. தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுத் தொகையிலிருந்து, பரிசீலிக்கப்பட்டு ஏற்கெனவே வெளியான ஒன்பது மாதத் தொகையைக் கழித்தால் எஞ்சுவதுதான் மார்ச் காலாண்டு. இப்படிக் கழித்துப் பெற்ற மீதித் தொகை அது என்ற குறிப்பு ஒவ்வொரு நிறுவனத்தின் மே மாத அறிக்கையிலும் சிறிய எழுத்தில் இருக்கும். ஒன்பது மாதத் தொகையில் அந்த 7 கோடி இருக்கிறது. ஆண்டுத் தொகையில் இல்லை. ஆகையால் மார்ச் காலாண்டில் துறைமுகம் உண்மையில் 110 கோடி ஈட்டியிருந்தாலும் வெளியாவது 103 கோடி. ஜூனில் வராத பணம் ஜூனில் லாபமாகத் தோன்றி, மார்ச்சில் வியாபாரச் சரிவாகத் தோன்றுகிறது. நான்காம் காலாண்டில் மட்டும் ஆண்டுதோறும் லாபம் வழுக்கி விழும் நிறுவனத்தைக் கண்டால், முதல் மூன்று காலாண்டுகளின் மதிப்பீடுகள் தாராளமாக இருந்தனவா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

காலாண்டு வெளியீட்டில் வாசகர் காண முடிவதும் குறைவே. ஜூன், டிசம்பர் காலாண்டுகளுக்கு வரவுசெலவுப் பட்டியல் மட்டுமே வெளியாகிறது; சொத்துக்களையும் பொறுப்புக்களையும் காட்டும் நிலைக்கணக்கு அரையாண்டு முடிவிலும் ஆண்டு முடிவிலும்தான் வரும். பாக்கி பெருகிக்கொண்டே போவதை ஜூன் மாத முடிவுகளைப் பார்த்து எவராலும் அறிய முடியாது. காரைக்கால் துறைமுகம் வாங்கப்பட்ட காலாண்டில், அதன் தளங்களுக்கும் ரயில் பாதைக்கும் குத்தகை உரிமைக்கும் 1,485 கோடி எவ்வாறு பங்கிடப்பட்டது என்று காட்டும் நிலைக்கணக்கைச் செபி விதி கேட்கவில்லை. அப்பங்கீட்டையேகூட, வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு வரையில் தற்காலிகமானதாக வைத்துக்கொண்டு பின்னர் திருத்திக்கொள்ளக் கணக்கியல் தரநிலை இடம் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. பட்டியலிடப்பட்ட தாய் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த காலாண்டுக் கணக்கில், வருமானம், சொத்து, லாபம் ஆகிய ஒவ்வொன்றிலும் குறைந்தது 80 சதவீதம் தணிக்கையோ பரிசீலனையோ செய்யப்பட்டிருந்தால் போதும் என்பது விதி. அதானி போர்ட்ஸ் 2022-23 இல் கையாண்ட சரக்கு 33.9 கோடி டன். காரைக்கால் அவ்வாண்டில் கையாண்டது சுமார் 1 கோடி டன். காரைக்காலின் கணக்கு எவ்விதம் நடத்தப்பட்டது என்பது இங்கு என் விசாரணை அல்ல. ஆனால் இவ்வளவு சிறிய பங்குடைய ஒரு துணை நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கை, யாரும் பரிசீலிக்காமலேயே நிர்வாகத்தின் சான்றை மட்டும் வைத்துச் சேர்த்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்பதைக் கரையோரத்து முதலீட்டாளர் அறிந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்திருந்தால் அதன் அளவைத் தணிக்கையாளர் தம் அறிக்கையின் பிற்பகுதியில் தனியே குறிப்பிடுவார்.

இத்தகைய வேலையின் முடிவில் சொல்லக்கூடியது எதுவோ அதையே அறிக்கையும் சொல்கிறது. ஆண்டுத் தணிக்கையின் அபிப்பிராயம் உடன்பாட்டு வாக்கியம்: இக்கணக்குகள் உண்மையானதும் நியாயமானதுமான தோற்றத்தைத் தருகின்றன என்று அது உறுதி கூறுகிறது. பரிசீலனையின் முடிவோ எதிர்மறை வாக்கியம்: இக்கணக்கில் முக்கியமான பிழை இருப்பதாக நம்பச் செய்யும் எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்பதோடு அது நிற்கிறது. அதற்கு முன்னுள்ள பத்தியிலேயே, தணிக்கையில் தெரியவரக்கூடிய முக்கிய விஷயங்கள் யாவும் தெரியவரும் என்ற உறுதியை இந்த வேலை தராது, ஆகவே தணிக்கை அபிப்பிராயம் எதையும் நாங்கள் தெரிவிக்கவில்லை என்று தணிக்கையாளர் கைகழுவிக்கொள்கிறார். கவனத்துக்கு வரவில்லை என்பதன் மதிப்பு, கவனம் எங்கெங்கே செலுத்தப்பட்டது என்பதைப் பொறுத்தது.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதல் கடிதத்தை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 2008 செப்டம்பர் காலாண்டுக்கு அறிவித்த வருமானம் 2,700 கோடி, உண்மை 2,112 கோடி. அறிவித்த இயக்க லாபம் 649 கோடி, உண்மை 61 கோடி என்று அவரே எழுதினார். காலாண்டுதோறும் சீராக ஊதப்பட்ட எண்கள் தமக்குள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தி நிற்கும். ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணுக்கு அங்கே பிசகு எதுவும் தென்படாது. அந்த நிறுவனத்தில் ஆண்டுத் தணிக்கையும் தவறிற்று என்பது உண்மை. வங்கி இருப்பை வங்கியிடமே கேட்டு உறுதிசெய்யும் கடமையைச் சிரத்தையோடு செய்யாமையே அத்தவறு. பரிசீலனைக்கோ அந்தக் கடமையே கிடையாது.

இனி, 2023 ஜூன் காலாண்டுக்கே திரும்புவோம். அவ்வாண்டு ஜனவரியில் ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் அதானி குழுமத்தின்மீது குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. குழுமம் அவற்றை முற்றிலும் மறுத்தது. 2017 முதல் அதானி போர்ட்ஸின் தணிக்கையாளராக இருந்த டெலாயிட் ஹாஸ்கின்ஸ் அண்டு செல்ஸ், 2023 மே 30 அன்று ஆண்டுக் கணக்கின்மீது வரையறைக்குட்பட்ட அபிப்பிராயம் அளித்தது. ஹிண்டன்பர்க் அறிக்கையில் பெயர் சொல்லப்பட்ட சில தரப்பினரோடு நடந்த ஒப்பந்தங்களும் நிதிப் பரிமாற்றங்களும், மியன்மாரிலிருந்த கொள்கலன் முனையத்தின் விற்பனையும், உறவுடைய தரப்பினரோடு நடந்தவையா அல்லவா என்பதற்குத் தனக்குப் போதுமான அத்தாட்சி கிடைக்கவில்லை என்றும், வெளியார் ஒருவரைக் கொண்டு சுயேச்சையான விசாரணை நடத்தப்படவில்லை என்றும் அது காரணம் காட்டிற்று. அவர்கள் உறவுடைய தரப்பினர் அல்லர் என்பது நிறுவனத்தின் நிலை. (இக்குற்றச்சாட்டுகளில் சிலவற்றின்மீது தொடுத்த நடவடிக்கைகளை, அவை நிரூபணமாகவில்லை என்று சொல்லி 2025 செப்டம்பரில் செபி முடித்துவைத்தது.)

இதிலே நமக்கு முக்கியமானது, மே மாதத்து ஐயம் ஆகஸ்டு மாதத்துப் பரிசீலனைக்குள் எப்படி நுழைந்தது என்பது. காரைக்கால் துறைமுகத்தின் முதல் வருமானத்தை உள்ளடக்கிய அந்த ஜூன் காலாண்டு முடிவுகளின்மீதும் டெலாயிட் வரையறைக்குட்பட்ட முடிவையே அளித்தது. விசாரித்தும் ஒப்பிட்டும் புதிதாக அந்த ஐயத்தை அது கண்டுபிடிக்கவில்லை. அந்த வேலை அத்தகைய விஷயத்தைக் கண்டுபிடிக்கக் கூடியதுமன்று. ஆண்டுத் தணிக்கையில் கிடைக்காத அத்தாட்சி ஜூன் முடிந்தும் கிடைக்கவில்லை என்பதால், பழைய ஐயம் தொடர்ந்து நின்றது, அவ்வளவே. ‘எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்ற சொற்களுக்கு முன்னால், ‘மேற்கண்ட விஷயங்களால் நேரக்கூடிய விளைவு நீங்கலாக’ என்ற தொடர் வந்து அமர்ந்துகொண்டது. காலாண்டு அறிக்கையின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் சென்ற மே மாதத்தில் உருவானவை என்பதால், ஜூன் அறிக்கையைத் தனியே எடுத்துப் படிப்பதில் பயன் குறைவு. சென்ற ஆண்டின் தணிக்கை அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

நான்கு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 12 அன்று, டெலாயிட் பதவி விலகிற்று. குழுமத்தின் மற்றப் பெரும்பாலான நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் பொறுப்புத் தன்னிடம் இல்லை என்பது அது காட்டிய காரணம். அக்காரணம் தங்களுக்குத் திருப்தி தரவில்லை என்று நிறுவனத்தின் தணிக்கைக் குழு தெரிவித்தது. அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். 2019 அக்டோபர் 18 அன்று செபி விடுத்த சுற்றறிக்கையின்படி, காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் விலகும் தணிக்கையாளர் அந்தக் காலாண்டின் அறிக்கையைக் கொடுத்துவிட்டே போக வேண்டும்; 45 நாட்கள் கடந்தபின் விலகினால், அடுத்த காலாண்டின் அறிக்கையையும் கொடுத்தாக வேண்டும்; முதல் மூன்று காலாண்டுகளுக்கும் கையெழுத்திட்டவரோ ஆண்டுத் தணிக்கையையும் முடித்துத் தராமல் விலக முடியாது. ஆகஸ்டு 12 என்பது ஜூன் 30 இலிருந்து 43 ஆம் நாள். ஜூன் காலாண்டின் அறிக்கை கொடுக்கப்பட்டுவிட்டதால் விதிப்படி விலகத் தடையில்லை. இன்னும் மூன்று நாள் தாமதித்திருந்தால் செப்டம்பர் காலாண்டையும் பரிசீலித்திருக்க வேண்டும். இடர் நேர்ந்த வேளையில் கணக்கை நடுவழியில் விட்டுவிட்டுத் தணிக்கையாளர்கள் போய்விடுவதைத் தடுக்கவே இச்சுற்றறிக்கை பிறந்தது. காலாண்டுப் பரிசீலனை அறிக்கை என்பது விலகலுக்கான வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் செய்யும் தாழ்ப்பாளாகவும் அதனால் ஆகிவிட்டது.

அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்ட எம்.எஸ்.கே.ஏ. அண்டு அசோசியேட்ஸ், அந்நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு ஒன்றைக்கூடத் தணிக்கை செய்யாமல் செப்டம்பர் காலாண்டைப் பரிசீலிக்க வேண்டியிருந்தது. தரநிலை நம்பி நிற்கும் அஸ்திவாரமாகிய முன்னறிவு இங்கே இல்லை. இந்நிலைமைக்கும் தரநிலை வழி சொல்கிறது: புதிதாக வருபவர் நிறுவனத்தையும் அதன் உள்கட்டுப்பாடுகளையும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், முன்னவரிடம் விசாரித்து, இயன்றவரை அவருடைய வேலைக் கோப்புகளைப் பார்த்து, அவர் கண்ட பிழைகளில் திருத்தப்பட்டவை எவை, திருத்தப்படாமல் விடப்பட்டவை எவை என்று அறிய வேண்டும். விதி கேட்கும் நிலைக்கணக்கில் காரைக்கால் துறைமுகத்தின் சொத்துக்கள் குழுமச் சொத்துக்களோடு முதன்முறையாகச் சேர்ந்து வந்தது அந்த அரையாண்டு முடிவில்தான். அவை முழுத் தணிக்கைக்கு உட்படுவதற்கு மார்ச் 31 வரை, அதாவது துறைமுகத்தின் விலைப்பங்கீட்டைத் திருத்திக்கொள்ளத் தரநிலை தந்த ஓராண்டு அவகாசம் தீரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.